இரண்டு மதிப்பெண் விடை

இதில் எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. வந்தவாசியிலிருந்து செங்கல்பட்டுக்கு நான் தேர்வு எழுதப் போன பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், மேல்மருவத்தூர் தாண்டும்வரை சொல்லிக்கொண்டு வந்தது இது. அவளும் பாதியைத்தான் நேரில் பார்த்தவள். மீதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டவள். கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறேன் என்று சொன்னால் பொய்யாகும். விட்டுப்போன இடங்களில் சொற்களை நான் போட்டிருக்கிறேன். நடந்ததை மாற்றவில்லை.

கல்லேரிப்பட்டில் ஒரு தை மாதத்து வியாழக்கிழமை காலை, பனி விலகி வெயில் தரையில் விழுந்தபோது, ஆட்களின் காலடியில் அவரவர் நிழல் இல்லாமல் அவரவருடைய முன்பிறவியின் நிழல் விழுந்தது. பால்காரரின் காலடியில் கலப்பை பிடித்த ஒரு கிழவி நடந்தாள், பஞ்சாயத்துத் தலைவரின் காலடியில் ஒரு நரி ஓடியது, இட்லிக் கடைக்காரம்மாவின் நிழல் இலுப்பை மரமாக நீண்டு எதிர்ச்சுவரில் ஏறி, அவர் கரண்டியைத் தூக்கும்போதெல்லாம் ஒரு கிளையை அசைத்தது. விளக்கு வெளிச்சத்தில் எப்போதும்போல அவரவர் நிழலே விழுந்தது. வெயிலில் மட்டும்தான் இப்படி. சிலருக்கு வெயிலில் நிழலே விழவில்லை. தேவர்களுக்கு நிழல் கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால், அவர்கள் தேவலோகத்திலிருந்து நேராக இறங்கியவர்கள் என்று ஊர் முடிவு செய்தது. நரகத்திலிருந்து வந்தவர்களுக்கும் நிழல் இருக்காதோ என்று அந்தப் பக்கம் யாரும் யோசிக்கவில்லை.

ஊர் மிரண்டது ஒன்றரை நாள். சனிக்கிழமை வாரச் சந்தைக்கு வந்தவர்கள் பேரம் பேசுவதற்கு முன் ஒருவர் காலடியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மாசியில் பெண் பார்க்கப் போகிறவர்கள் ராகுகாலத்தோடு வெயில் நேரத்தையும் கணக்கில் வைத்து, நிழல் நன்றாக நீளும் மாலை நாலு மணிக்குப் போய், பெண்ணை வாசலுக்கு வரச் சொன்னார்கள். பங்குனியில் வட்டாட்சியர் அலுவலகப் படிவங்களில் சாதி, வயது ஆகியவற்றுக்குக் கீழே 'நிழல்' என்று ஒரு கட்டம் அச்சாகி வந்தது.

ஆனால் எதுவும் மாறவில்லை. காலனிப் பிள்ளைகளில் சிலருக்கு மகுடம் வைத்த நிழல் விழுந்தது, சிலருக்குப் பூணூல் போட்ட நிழல் விழுந்தது; அப்படி உயர்ந்த இடத்தில் இருந்தவர்கள் இங்கே வந்து விழ எவ்வளவு பெரிய பாவம் செய்திருக்க வேண்டும் என்றது ஊர். பெரிய தெருக்காரர் இருவருக்கு மூட்டை தூக்கும் நிழலும் சாணி அள்ளும் நிழலும் விழுந்தன. அவ்வளவு கீழே கிடந்து இவ்வளவு மேலே வர எத்தனை புண்ணியம் செய்திருக்க வேண்டும் என்றது அதே ஊர். எந்த நிழல் விழுந்தாலும் அது இருக்கும் இடம் சரிதான் என்றே ஆனது. மகுட நிழல் விழுந்த பையனுக்கும் டீக்கடையில் டீ பழைய பிளாஸ்டிக் தம்ளரில்தான் வந்தது.

இந்த ஊரின் தனியார் கலைக் கல்லூரியில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவள் பூங்காவனம். செங்கல் சூளையில் மண் மிதித்தவர்களின் மகள், அந்த வம்சத்தில் முதல் பட்டதாரி, அப்பாவைப் பெற்றவளின் பெயரைச் சுமந்துகொண்டு இருபத்தேழு வயதில் 'பூங்காவனம் மிஸ்' ஆனவள். முதலாமாண்டு மாணவர்கள் எல்லோருக்கும் பொதுவான இந்திய மெய்யியல் தாள் அவளுடையது. அவள் வெயிலில் நடந்தால் கழுத்தில் அறுந்த கயிறு தொங்கும் வெள்ளாடு ஒன்று கூடவே நடக்கும். வகுப்பறை ஜன்னல் வழியாகப் பதினோரு மணி வெயில் வரும்போது அந்த ஆடு கரும்பலகையில் ஏறி நிற்கும். பிள்ளைகள் சிரிக்கவில்லை. முதல் பெஞ்சில் ஒரு தவளை, இரண்டு வெட்டுக்கிளி, ஒரு பிச்சைக்காரன் என்று அவர்கள் காலடியிலும் ஒரு கூட்டம் இருந்தது.

அந்த மாசி மாதம் அவள் வினைக் கோட்பாட்டை நடத்தினாள். பாடப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருப்பதைப் பிள்ளைகள் தூங்காமல் கேட்டது அந்த ஒரு வருஷம்தான். கண்ணெதிரே நிழல் கிடந்தது.

அவள் நன்றாகவே நடத்தினாள். சைவர் சொல்வதை வில்லாளியை வைத்து விளக்கினாள். தூணியில் கிடக்கும் அம்புகள் எண்ணற்ற பிறவிகளில் சேர்த்த பழவினை; வில்லை விட்டுப் போய்விட்ட அம்பு இந்தப் பிறவியில் அனுபவித்தே தீர வேண்டிய ஊழ்; இப்போது கையில் நாணேற்றிக்கொண்டிருக்கும் அம்பு ஏறுவினை, அதை விடவும் செய்யலாம், கீழே வைக்கவும் செய்யலாம். வினை அறிவில்லாத பொருள் என்பதால் செய்தவனைத் தானாகத் தேடிப் போகாது, இறைவன்தான் கொண்டுபோய்ச் சேர்ப்பான் என்பது அவர்கள் கட்சி. வேள்வியை முதன்மையாகக் கொண்டவர்களோ, செய்த செயலே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆற்றலாகக் காத்திருந்து பலன் தரும், நடுவே யாரும் வேண்டாம் என்பார்கள்.

சமணருக்கு வினை என்பது பொருள். உண்மையான, மிக நுண்ணிய தூசி. எண்ணெய் தடவிய உடம்பில் புழுதி ஒட்டுவதுபோல, கோபமும் செருக்கும் வஞ்சமும் ஆசையும் ஈரமாக்கிய உயிரில் அது வந்து ஒட்டும். வருவது ஊற்று, ஒட்டுவது கட்டு, வராமல் அடைப்பது செறிப்பு, நோன்பால் ஒட்டியதை உதறுவது உதிர்ப்பு, எல்லாம் உதிர்ந்தால் வீடு. உடம்பை விட்ட உயிர், ஒட்டிய வினைகளையே ஓர் உடம்பாகப் போர்த்திக்கொண்டு, இரண்டு மூன்று நொடிக்கூறுக்குள் அடுத்த கருவில் போய் உட்கார்ந்துவிடும்.

பௌத்தரிடம் வந்தால் போவதற்கு உயிர் என்று ஒன்றே இல்லை. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கைக் கொளுத்துகிறோம். இந்தச் சுடர் அந்தச் சுடரா என்று கேட்டால் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. செயலுக்குப் பின்னால் இருக்கும் எண்ணமே வினை என்பார்கள். ஆசீவகர்களோ எல்லாவற்றையும் மறுத்து, நூலுருண்டையை வீசினால் நூல் தீரும்வரை அது உருண்டே தீரும், நல்லது செய்தாலும் கெட்டது செய்தாலும் உருளுவது மாறாது என்றார்கள். உடம்பு எரிந்தால் சாம்பல், மறுபிறவி என்பது கட்டுக்கதை என்று சொன்ன உலகாயதரும் இந்த மண்ணில்தான் இருந்தார்கள்.

"அவங்க இப்ப இந்த ஊருக்கு வந்தா இன்னா மிஸ் சொல்வாங்க?" என்று பின் பெஞ்சிலிருந்து கேட்டவள் நிரோஷா. அவளுடைய நிழல் மழைக்காலத்து ஈசல்.

"வெயிலோட கோளாறுன்னு சொல்வாங்க," என்றாள் பூங்காவனம். வகுப்பு சிரித்தது.

பிசகு நடந்தது சித்திரையில். செமஸ்டர் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பிள்ளைகள், எல்லாம் புரிகிறது, எழுத வரவில்லை என்று வந்து நின்றார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளைப் போலவே வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். தேர்ச்சி பெறாவிட்டால் அடுத்த மாதம் வேலைக்குத்தான் அனுப்புவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் இரண்டு மதிப்பெண் கேள்விகளுக்கு விடைகளைச் சுருக்கிச் சுருக்கி எழுதி நகலெடுத்துக் கொடுத்தாள். ஏழாவது விடை இது: 'கர்மா என்றால் என்ன? முற்பிறவியில் செய்த செயலின் பயனை இப்பிறவியில் அனுபவிப்பது. ஒருவர் அடையும் இன்பதுன்பங்களுக்கு அவரது முன்வினையே காரணம்.' இரண்டே வாக்கியம். எழுதியபோது மனசு உறுத்தியது. இரண்டு மதிப்பெண்ணுக்கு இது போதும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். கேள்வி அப்படியே வந்தது, நூற்று நாற்பது பேர் அப்படியே எழுதினார்கள், எல்லோரும் தேறினார்கள்.

மே மூன்றாம் தேதி பகல் பன்னிரண்டேகால் மணிக்குக் கல்லேரிப்பட்டுக் குவாரியின் தெற்குச் சரிவு இடிந்து ஏழு பேர் மேல் விழுந்தது. ஒருவர் நிரோஷாவின் அப்பா கன்னியப்பன். தலையில் எப்போதும் சிவப்புத் துண்டு; இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் கிடையாது, பழைய வெடி ஒன்றில் போனவை. வெயிலில் அவருக்கு விழுந்த நிழல், தோளில் செத்த மானைப் போட்டுக்கொண்டு வில்லோடு நடக்கும் வேடன்.

ஏழு பேரையும் வெளியே எடுத்து வெயிலில் வரிசையாகப் படுக்க வைத்தபோது, நிரோஷா ஒன்றைப் பார்த்தாள். அழுதவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. அப்பாவைத் தூக்கிக் கட்டிலில் வைக்கும்போது கீழே விழுந்த நிழலில் வில்லும் இல்லை, மானும் இல்லை. துண்டு கட்டிய தலை, கூன் விழுந்த முதுகு, இரண்டு விரல் குறைந்த கை. அவர் நிழல்தான் அது, முதல்முறையாக. அவள் ஒரு வாரம் கழித்துப் பூங்காவனத்திடம் சொன்னாள், "எங்கப்பா அப்பதான் மிஸ் எங்கப்பாவா இருந்தாரு."

குவாரியும் கல்லூரியும் ஒரே ஆளுடையவை. தாளாளர் தணிகாசலம் ஊரில் யாருக்கும் தீங்கு நினைக்காதவர் என்று பெயரெடுத்தவர். அவர் வெயிலில் வந்தால் சடைமுடியும் தண்டும் கமண்டலமுமாக ஒரு துறவி தரையில் நடந்து வருவார். வழியில் போகிறவர்கள் அந்த நிழலை மிதிக்காமல் ஒதுங்குவார்கள், சிலர் குனிந்து அந்த நிழல் பட்ட மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். போன பிறவியில் முனிவராக இருந்தவர் ஏழு பேரைக் கொல்வாரா என்று ஊர் கேட்டது. செத்தவர்களில் ஒருவர் வேடன், ஒருவர் பாம்பு, இன்னொருவர் உருவிய வாளோடு நிற்கும் சேவகன். உயிரை எடுத்தவர்கள் உயிரைக் கொடுத்தார்கள், இதில் குவாரி எங்கே வந்தது என்றது. மற்ற நால்வரில் ஒருவர் கோயில் யானை என்பதையும், ஒருத்தி பூக்கூடைக்காரி என்பதையும் யாரும் பேசவில்லை.

கோட்டாட்சியர் விசாரணை தள்ளிப்போய்த் தள்ளிப்போய் பிப்ரவரி பன்னிரண்டுக்கு வந்து நின்றது. குவாரித் தரப்பு வக்கீல் கொடுத்த ஆவணங்களில் நாலாவது, ஒரு நகலெடுத்த தாள். அதில் ஏழாவது விடைக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. அதோடு பூங்காவனத்தின் கைக்கு ஒரு கடிதமும் வந்தது: மேற்கண்ட விளக்கம் இந்திய மரபுகளின் ஒருமித்த முடிவு என்று மெய்யியல் விரிவுரையாளர் செ. பூங்காவனம் சான்றளிக்கிறார். கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. போட்டால் ஏழு பேர் சாவுக்கு அவர்களே காரணம் என்று அரசாங்கத் தாளில் ஏறும். போடாவிட்டால் அவள் வேலை போகும்.

வணிகவியல் நடத்தும் ஜீவபந்து, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதற்காக ஐந்து மணிக்கே டிபன் பாக்ஸைத் திறப்பவன், திண்டிவனம் பக்கத்துத் தமிழ்ச் சமணரான நயினார் வீட்டுப் பிள்ளை. ஆசிரியர் அறையில் அந்தத் தாளையும் கடிதத்தையும் படித்துவிட்டு அவன் சொன்னான், "மேடம், எங்க ஆளுங்களையும் சேத்து ஒருமித்தன்னு போட்டிருக்காங்களே. எங்க வீட்ல எறும்பு செத்தாக்கூட, எறும்போட வினைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. மிதிச்சவன் பாத்து நடந்தானான்னுதான் கேப்பாங்க."

"தெரியும் ஜீவா. நானே நடத்தியிருக்கேன். கவனமில்லாம ஓர் உயிரைப் போக்கறதுதான் கொலைன்னு."

"அப்ப அதை ஏன் தாள்ல எழுதல?"

"ரெண்டு மார்க்குதானே."

அவன் சப்பாத்தியை மென்றுகொண்டே அவளைப் பார்த்தான்.

பிப்ரவரி பத்தாம் தேதி காலை தணிகாசலம் வீட்டிலிருந்து கார் வந்தது. கையெழுத்துக்குத்தான் என்று நினைத்து அவள் போனாள். பெரிய வீடு, பகலிலும் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது, கூடத்தில் குழல்விளக்கு எரிந்தது. தாளாளர் இரண்டு வாரத்தில் பத்து வயது கூடியவர்போல இருந்தார்.

"பேரன் பொறந்திருக்கான் தெரியுமாம்மா?"

"கேள்விப்பட்டேன் சார்."

"ரெண்டு நாள்ல மஞ்சக்காமாலை. ஆஸ்பத்திரில விளக்குக்கு அடியில வெச்சு அனுப்பிட்டாங்க. எங்க வீட்டம்மா சும்மா இருக்காம, இளவெயில்ல காட்டணும்னு மாடிக்குத் தூக்கிட்டுப் போயிட்டா." அவர் மாடிப்படியைக் காட்டினார். "வா. நீயே பாரு."

மாடிக் கதவைத் திறந்து, துணியில் சுற்றிய குழந்தையை வெயிலுக்கு நீட்டினார். பதினேழு நாள் குழந்தை கொட்டாவி விட்டது. கீழே சிமெண்டுத் தரையில் துறவியின் நிழல், அதன் கையில் இன்னொரு நிழல். துண்டு கட்டிய தலை. கூன் முதுகு. தோளில் கடப்பாரை. இடது கையை அது முகத்துக்கு நேராகத் தூக்கியபோது மூன்றே விரல்கள் இருந்தன.

வெயிலில் நின்றிருந்த வெள்ளாடு ஓர் அடி பின்வாங்கியது.

"என்னைக்குப் பொறந்தான் சார்?"

"ஜனவரி இருபத்து நாலு."

அவள் மனசுக்குள் நாட்களைக் கூட்டினாள். சமணரானாலும் பௌத்தரானாலும் மறுபிறப்பு என்பது குழந்தை வெளியே வரும் நாள் இல்லை, கரு தங்கும் நேரம். அதனால் செத்து நாலே மாதத்தில் பிறந்த குழந்தையைக் காட்டி இவன்தான் அவன் என்றால் அவள் நம்பியிருக்க மாட்டாள். மே மூன்றிலிருந்து எண்ணினால் இருநூற்று அறுபத்தாறு நாள், கரு தங்கியதிலிருந்து பிறப்புவரை உள்ள கணக்குக்கு இது சரியாக வந்தது.

"அவனாம்மா இது?" என்றார் தணிகாசலம், கதவைச் சாத்திக்கொண்டே. "பழி வாங்க வந்திருக்கானா?"

"சைவத்தைக் கேட்டா அதே உயிர்தான் சார், வேற உடம்பு. சமணத்தைக் கேட்டாலும் அதே உயிர்தான், வினையைச் சுமந்துகிட்டு வந்திருக்கு. பௌத்தத்தைக் கேட்டா அவரும் இல்ல, வேற ஆளும் இல்ல. எதைக் கேட்டாலும் குழந்தைக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்குப் பால்தான் வேணும்."

"நான் கேக்கறது வேற. உன் விடைப்படி பாத்தா, நல்லது செஞ்சவன்தானே நல்ல இடத்துல பொறக்கணும்? வேடன் பாவத்துக்கு நசுங்கிச் செத்தவன் என் வீட்ல எப்படி வந்து பொறந்தான்?"

அவள் எழுதிய இரண்டு வாக்கியத்தை இந்த மனிதர் ஒன்பது மாதமாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். இப்போது அது கை நழுவுகிறது, அவளைப் பிடிக்கச் சொல்கிறார்.

"அந்த விடை தப்பு சார்."

"என்னது?"

"நிழல் ஒரு பிறவியைத்தான் காட்டுது. அதுக்கு முன்னாடி எண்ண முடியாத பிறவி இருக்குன்னுதான் மூணு பேருமே சொல்றாங்க. எந்த வினை எப்பப் பழுக்கும்னு கூட இருக்கறவங்களால சொல்ல முடியாது. அதைக் கணக்குப் போட உக்காந்தா பைத்தியம் பிடிக்கும்னு புத்தர் சொல்லியிருக்காரு. வர்ற துன்பமெல்லாம் முன்வினைன்னும் அவர் சொல்லல. பித்தம், கபம், வாதம், மூணும் சேர்ந்து கெடறது, பருவம் மாறுறது, முறைகேடா நடந்துக்கறது, அடுத்தவன் தாக்கறது, எட்டாவதாத்தான் வினை."

அவர் சோபாவில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, "நான் அதைச் சரி பண்ணிட்டேன்மா," என்றார். "குவாரி இடத்தை இவன் பேருக்கு எழுதிட்டேன், போன வாரமே பத்திரம் பதிவாயிடுச்சு. அவன் செத்த இடத்தை அவனுக்கே குடுத்தாச்சு. இனி அவனுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லதானே?"

"வினை அப்படித் தீராது சார்."

"வேற எப்படித் தீரும்?"

"போன அம்பைத் திருப்ப முடியாது. கையில இருக்கறதைக் கீழ வெக்கலாம். செத்தவங்க வீட்ல எங்கிட்ட சொன்னாங்க. சரிவுல விரிசல் விட்டுது, மூணு நாளா ஆளுங்க மேனேஜர்கிட்ட சொன்னாங்க, அவர் உங்ககிட்ட சொன்னாரு, நீங்க லோடு ஏத்தச் சொன்னீங்க. அவங்களுக்கு அது ஊழாவே இருந்துட்டுப் போகட்டும். உங்களுக்கு அது ஏறுவினை. அவங்க விதியில நீங்க ஒளிஞ்சுக்க எந்த மரபுலயும் இடம் இல்ல. ஆசீவகர்கிட்ட மட்டும் இருக்கு. ஆனா அவங்ககிட்ட போனா, போன பிறவியில நீங்க முனிவரா இருந்ததுக்கும் ஒரு மதிப்பும் இல்ல."

அவர் சிரிக்க முயன்றார். "நல்லாத்தான் நடத்தறே. வேலை வேணாமா?"

"வேணும் சார்," என்றாள் பூங்காவனம். அது உண்மை. அம்மாவின் முழங்கால், தம்பியின் ஐடிஐ, வாடகை எல்லாம் அந்த மணிக்கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தன. கையெழுத்துப் போடாத கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பேருந்து நிறுத்தம்வரை வெள்ளாடு அவளுக்கு முன்னால் நடந்தது. அறுந்த கயிற்றை யார் அறுத்தார்கள், தப்பித்த ஆடா, வெட்டப்பட்ட ஆடா என்று இந்த ஒரு வருஷத்தில் முதல்முறையாக யோசித்தாள். நிழலில் அது தெரியவில்லை.

நிரோஷாவிடம் சொல்ல வேண்டும் என்று அவள் காலனிக்குப் போனாள். நிரோஷாவின் அம்மா வேலைக்குப் போயிருந்தார். குழந்தையின் கையைப் பற்றிச் சொன்னபோது நிரோஷா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கறுப்பா, செகப்பா மிஸ்?"

"செகப்பு. அவங்க வீட்டுச் சாயல்."

"நல்லா பால் குடிக்குதா?"

"குடிக்குதாம்."

"எங்கம்மாகிட்ட சொல்லாதீங்க. அது போய் அந்த வீட்டு வாசல்ல நின்னுக்கும். அவங்க தொரத்துவாங்க." பிறகு, "எங்கப்பா செத்தது செத்ததுதான் மிஸ். அது வேற புள்ள. அதுங்கிட்ட போயி கடைக்குப் போய் வாப்பான்னா போவுமா?" என்றாள். ஈசல் நிழல் வாசல்படியில் இறகை மடக்கிக்கொண்டு கிடந்தது.

பன்னிரண்டாம் தேதி விசாரணைக்கு ஊரே வந்தது. தணிகாசலம் காரிலிருந்து இறங்கி அலுவலக வாசலுக்கு நடந்த இருபது அடிக்கும் துறவி கூட நடந்தார், கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. உள்ளே கோட்டாட்சியர் நாலாவது ஆவணத்தைத் தூக்கிக் காட்டி, "இது நீங்க எழுதினதாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க சார். நான்தான் எழுதினேன். தப்பா எழுதினேன்."

"தப்புன்னா?"

"புள்ளைங்க பாஸ் பண்ணணும்னு சுருக்கினேன். சுருக்கினதுல செய்யறவன் காணாமப் போயிட்டான். படறவன் மட்டும்தான் மிச்சம்."

அவள் கொண்டுவந்த மூன்று பக்கத்தைப் படித்தாள். தூணி, அம்பு என்று தொடங்கியபோது பின்னால் யாரோ "பாடம் எடுக்குது" என்றார்கள். அவள் நிறுத்தவில்லை. வேடன் நிழலும் யானை நிழலும் ஒரே கல்லுக்கு அடியில் கிடந்ததைச் சொன்னாள். வினையை ஒப்புக்கொள்ளும் எந்த மரபும், ஒருவன் துன்பத்துக்கு அவன் வினை காரணம் என்பதால் அந்தத் துன்பத்தைச் செய்தவனை விடுவிப்பதில்லை என்று சொன்னாள். கவனமில்லாமல் உயிரைப் போக்குவது கொலை என்று சொன்னாள். பிறகு நிரோஷா எழுந்து, ஏப்ரல் முப்பதாம் தேதி ராத்திரி அப்பா சோறு தின்னும்போது தெற்குச் சரிவில் கை நுழையும் அளவுக்கு விரிசல் என்று சொன்னதையும், மேனேஜரிடம் போன மூவரின் பெயரையும் சொன்னாள். மேனேஜர் தலை குனிந்துகொண்டார். அவருக்கு நிழல் விழாது. தேவலோகம் என்று ஊர் சொல்லிவந்தது.

அறிக்கையில் 'உரிமையாளரின் கவனக்குறைவு' என்று வந்தது. முன்வினை என்ற சொல் அதில் இல்லை. வழக்கு பதிவானது, தணிகாசலம் பெயரில் இருந்த குவாரி உரிமம் ரத்தானது. அந்த மாதக் கடைசியில் கல்லூரி, தாளுக்கு மாணவர் சேர்க்கை குறைவு என்று காரணம் காட்டிப் பூங்காவனத்தை நிறுத்தியது. ஊர் கொஞ்ச நாள் யோசித்துவிட்டு, அந்தம்மா நிழல் ஆடு, ஆடு எதைப் பார்த்தாலும் மேயத்தான் செய்யும் என்று முடிவு செய்து, அதையும் ஒருவாறு சரியாக்கிக்கொண்டது. அவள் இப்போது, அப்பா அம்மா சூளையில் மண் மிதித்த ஊரிலேயே, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அவள் பிள்ளைகள் அரைப் பக்கம் எழுதி, நேரம் போதாமல் மதிப்பெண் இழக்கிறார்கள் என்று பெற்றோருக்குக் குறை.

குழந்தையை வெயிலில் யாரும் கொண்டுவருவதில்லை. ஊருக்குள் அதைத் தூக்கிப் போகும்போது பகலிலும் குடையும் அதற்கு மேல் போர்வையும் உண்டு.

பேருந்திலிருந்து இறங்கும்போது அந்தப் பெண் சொன்னாள், ஐப்பசி முதல் குவாரியில் திரும்ப வெடிச்சத்தம் கேட்கிறது என்று. உரிமம்தான் ரத்தாகிவிட்டதே என்றேன். அதற்குள் அவள் கூட்டத்தோடு இறங்கிப் போய்விட்டாள். அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து இணையத்தில் நில ஆவணத்தை எடுத்துப் பார்த்தேன். குவாரி இருக்கும் நிலத்தின் பட்டா பிப்ரவரியிலேயே மாறியிருக்கிறது. விசாரணை நடந்த நாளில் அந்த இடம் தணிகாசலத்துக்குச் சொந்தமில்லை. பட்டாதாரர் மைனர், வயது பூஜ்யம், காப்பாளர் தாத்தா. புதிய குவாரி உரிமமும் அதே குழந்தையின் பெயரில்தான் இருக்கிறது.